கோல் ஆகாத கார்னர் எங்கே போனது?

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டம். ஜெர்மனி 3, இந்தியா 1. 27ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைக்கிறது. ஹர்மன்பிரீத் சிங் அடித்த டிராக் ஃபிளிக்கை ஜெர்மன் கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். ஆனால் தடுத்த பந்து முன்னாலேயே விழ, ஹர்திக் சிங் பாய்ந்து அதை வலைக்குள் தள்ளுகிறார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு கார்னர். இந்த முறை ஹர்மன்பிரீத்தின் பந்து யார் கையிலும் காலிலும் படாமல் நேராக உள்ளே போகிறது. ஆட்டம் 3-3.

ஸ்கோர்போர்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறவருக்கு முதல் கோலிலேயே பேனா நின்றுவிடும். அந்த ஃபிளிக் வெற்றியா, தோல்வியா? அடித்த அடி தடுக்கப்பட்டது. ஆனாலும் கார்னரில் கோல் வந்தது. 'டைரக்ட் ஃபிளிக், கோல்' என்று எழுதுவதா, 'டைரக்ட் ஃபிளிக், கீப்பர் தடுத்தார், திரும்பிய பந்தில் கோல்' என்று எழுதுவதா?

சின்ன விஷயம்தான். ஆனால் எந்த கார்னர் உத்தி நல்லது என்ற வாதம் முழுவதும் கடைசியில் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கும்.

பெனால்டி கார்னரின் விதிகளைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். தாக்கும் அணியின் ஒருவர் கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து வெளியே தள்ளிவிடுவார். தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து 'டி'க்கு வெளியே போய்வந்த பிறகுதான் கோலை நோக்கி அடிக்கலாம். முதல் அடி ஸ்டிக்கை வீசி அடிக்கும் ஹிட் என்றால், பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள் போனால்தான் கோல். ஃபிளிக், புஷ் என்றால் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆளுக்கு ஆபத்தில்லாமல் போனால் போதும். ஸ்டிக்கோடு ஒட்டி இழுத்து எறியும் டிராக் ஃபிளிக் இந்த ஆட்டத்தை ஆளத் தொடங்கியது இந்த ஒரு சலுகையால்தான். 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உள்ள கோலின் நான்கு மூலைகளும் ஃபிளிக்கருக்குத் திறந்திருக்கின்றன. ஹிட் அடிப்பவருக்குக் கீழே உள்ள ஒரு பட்டைதான்.

இனி அந்த இரண்டு விநாடிகளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

பந்து வைக்கும் இடத்திலிருந்து 'டி'யின் உச்சிக்கு நேர்க்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட 19 மீட்டர். பந்து அங்கே வந்து சேர வேண்டும், ஸ்டாப்பர் அதை ஸ்டிக்கால் அமுக்கி நிறுத்த வேண்டும், ஃபிளிக்கர் ஓடிவந்து அதை ஸ்டிக்கில் ஏற்றி 'டி'க்குள் இழுத்து விடுவிக்க வேண்டும். இவ்வளவுக்கும் தோராயமாக ஒன்றரை விநாடி. நல்ல ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அந்த வேகத்தில் 13 மீட்டர் தூரத்திலிருந்து கிளம்பிய பந்து கோலை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதே ஒன்றரை விநாடியில்தான் முகத்தில் காப்பும் முழங்காலில் பேடும் கட்டிய ஒருவர் கோல்கோட்டிலிருந்து ஃபிளிக்கரை நோக்கி நேராக ஓடிவருகிறார். முதல் ரஷர். இந்திய அணியில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். பந்து பறந்துவரும் பாதைக்குள் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வேலை. சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

சாதாரண வீடியோவில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒன்றரை விநாடி என்றால் 37, 38 ஃபிரேம். தள்ளிவிடுபவரின் ஸ்டிக்கிலிருந்து பந்து பிரியும் ஃபிரேமில் நிறுத்தி, ஃபிளிக்கரின் ஸ்டிக்கிலிருந்து பிரியும் ஃபிரேம்வரை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினால் அந்த கார்னர் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரிந்துவிடும். ஸ்டாப்பரின் ஸ்டிக்கில் பந்து லேசாகக் குதித்து அடங்க ஐந்து ஃபிரேம் கூடுதலாக ஆயிற்று என்று வையுங்கள். அது 0.2 விநாடி. பார்வையாளருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் ரஷர் அந்த நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவார். ஃபிளிக் அவர் காலில் பட்டு வீணாகும். நாம் ஃபிளிக்கரைத் திட்டுவோம். தவறு நடந்தது அவருக்கு முன்னால், பந்தை நிறுத்திய இடத்தில்.

ஆகவே நோட்டில் முதலில் எழுத வேண்டியது கோலா இல்லையா என்பதல்ல. பந்து எந்த இடத்தில் செத்தது என்பதுதான். தள்ளிவிட்டதே கோணலா? நிறுத்தும்போது நழுவியதா? அடிக்கும் முன்பே பாஸ் வெட்டப்பட்டதா? ரஷர் மேல் பட்டதா? வெளியே போனதா? கீப்பர் தடுத்தாரா, கம்பத்தருகே நிற்பவர் தடுத்தாரா? தடுத்த பந்து அடுத்து யாரிடம் போனது? ஒவ்வொரு கார்னரும் இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் முடிகிறது. கோல் என்பது அந்த முடிவுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ரஷர் மேல் படுவதைக்கூட ஒரே கட்டத்தில் போட முடியாது. முதல் அடி அடிக்கப்படும்போது ஐந்து மீட்டருக்குள் நிற்கும் தடுப்பாளரின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் தாக்கும் அணிக்கு இன்னொரு கார்னர். அவர் இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடி ஆபத்தானது என்று தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். ஒரே ரஷர், ஒரே ஃபிளிக், ஒரு சாண் உயர வித்தியாசம். ஒன்றில் மறுவாய்ப்பு, மற்றதில் எல்லாம் போயிற்று. இரண்டையும் 'பிளாக்' என்று ஒரே சொல்லில் எழுதிவைத்தால் பிறகு எந்தக் கணக்கும் உருப்படாது.

இப்போது உத்திகளுக்கு வருவோம். நேராக ஃபிளிக் அடிப்பது ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் நம் ஹாக்கி வட்டாரத்தில் பொதுவாக வேரியேஷன் என்று பெயர். ஃபிளிக்கர் அடிப்பது போல் ஓடிவந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடுவார். பந்தைத் தள்ளிவிட்டவரே கம்பத்தருகே ஓடிவர அவருக்குத் திரும்ப அனுப்புவார்கள். கோலுக்கு முன்னால் ஒருவர் நுழைந்து ஸ்டிக்கை வைத்துப் பந்தின் திசையை மாற்றுவார். வேரியேஷன் கோலானால் தொலைக்காட்சி வர்ணனையாளர் துள்ளுவார், ஆகாவிட்டால் நேராக அடித்திருக்கலாமே என்பார். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் ஒன்றும் கிடையாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணுவதில் என்ன நடக்கும் என்று காட்ட ஓர் உதாரணம் போடுகிறேன். எண்கள் எந்த அணியுடையவையும் அல்ல, கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் அணியின் ஒரு சீசன் வீடியோ. நேர் ஃபிளிக் 40 கார்னர், அதில் 10 கோல். வேரியேஷன் 12 கார்னர், அதில் 4 கோல். 25 சதவீதம், 33 சதவீதம். பயிற்சியாளர் உடனே வேரியேஷனைக் கூட்டச் சொல்வார். பொறுங்கள்.

நேர் ஃபிளிக் 40இல் கோல் ஆகாத 30 எங்கே போயின? பத்து கீப்பரிடம். ஆறு ரஷர் மேலோ கம்பத்தருகே நின்றவர் மேலோ பட்டு வெளியேறின. நான்கு கோலுக்கு வெளியே. மூன்றில் பந்தை நிறுத்தவே முடியவில்லை. மீதி ஏழில் பந்து தடுப்பாளர் காலில் பட்டு மறுபடி கார்னர் கிடைத்தது. அந்த மறு கார்னர்களையும் நேர் ஃபிளிக்காகவே அடித்தார்கள் என்று வைப்போம். அப்படியானால் அந்த 40இல் ஏழு கார்னர்கள் முந்தைய ஃபிளிக்கே சம்பாதித்துக் கொடுத்தவை. புதிதாக வந்த வாய்ப்புகள் 33தான். அதில் 10 கோல் என்றால் 30 சதவீதம். வேரியேஷனில் மறு கார்னர் ஒன்றும் வரவில்லை. அங்கே 12 என்றால் 12தான். எட்டு புள்ளி வித்தியாசம் மூன்றாகச் சுருங்கிவிட்டது.

இன்னொருவர் வேறு மாதிரி எண்ணுவார். கோலை நோக்கி அடிக்கவே முடியாமல் போனதை ஏன் சேர்க்க வேண்டும், அடித்த அடிகளை மட்டும் பார்ப்போம் என்பார். நேர் ஃபிளிக்கில் பந்தை நிறுத்த முடியாத மூன்றைக் கழித்தால் 37 அடி, 10 கோல். 27 சதவீதம். வேரியேஷனில் நான்கு முறை பாஸ் வெட்டப்பட்டு அடி விழவே இல்லை. மீதி எட்டு அடியில் நான்கு கோல். 50 சதவீதம்! அதே வீடியோ, அதே கோல்கள். வகுக்கும் எண்ணை மாற்றியதும் வேரியேஷன் பிரமாதமாகிவிட்டது. ஆனால் வெட்டப்பட்ட பாஸ் என்பது வேரியேஷனின் விலையே. அதைக் கழித்துவிட்டு லாபம் சொல்வது, உடைந்த முட்டைகளைக் கணக்கில் சேர்க்காத வியாபாரம்.

நான் என்றால் புதிய வாய்ப்புக்கு இத்தனை கோல் என்ற கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். அடிக்கு இத்தனை என்பது ஃபிளிக்கரின் கையை மதிப்பிட உதவும். உத்தியை மதிப்பிட உதவாது. யாராவது ஓர் அணியின் கார்னர் சதவீதத்தைச் சொன்னால், எதை எதால் வகுத்தீர்கள் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் பதில் வராது.

சரி, 30க்கும் 33க்கும் உள்ள அந்த மூன்று புள்ளியையாவது நம்பலாமா? அதுவும் முடியாது. 12இல் 4 என்பதில் கீப்பர் ஒரே ஒரு பந்தைக் கூடுதலாகத் தடுத்திருந்தால் 12இல் 3, அதாவது 25 சதவீதம். கீப்பரின் ஒரு கால் நீட்டலில் எட்டு புள்ளி போய்விடும். புள்ளியியல் முறைப்படி பார்த்தால், 12இல் 4 கோல் அடித்த உத்தியின் உண்மையான திறன் 10 சதவீதத்திலிருந்து 65 சதவீதம்வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 40இல் 10 என்பதற்கே அந்த எல்லை 13இலிருந்து 41வரை விரிகிறது. ஒரு போட்டித் தொடரில் ஓர் அணி ஒரு குறிப்பிட்ட வேரியேஷனை எத்தனை முறை ஆடும்? ஐந்து, ஆறு. அதை வைத்து இது நல்லது, அது கெட்டது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. எந்த கார்னரில் எந்த உத்தி என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு வருவதல்ல. பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட பிறகு அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது, காயம்பட்ட கோல்கீப்பரைத் தவிர. அணியின் முதன்மை ஃபிளிக்கர் அந்த நேரம் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவரை உள்ளே இறக்க வழியில்லை. இரண்டாம் ஃபிளிக்கர் அடிக்க வேண்டும், அல்லது வேரியேஷன் ஆட வேண்டும். ஆக வேரியேஷன் என்ற கட்டத்தில் சேரும் கார்னர்களில் ஒரு பங்கு, அணி கொஞ்சம் பலவீனமாக நின்ற நேரத்தில் ஆடியவை. இன்னொரு பங்கு, எதிரணியின் ரஷர் நேர் ஃபிளிக்கை இரண்டு முறை அடைத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் ஆடியவை. அதனால் நோட்டில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும்: முதன்மை ஃபிளிக்கர் உள்ளே இருந்தாரா, தடுப்பில் எத்தனை பேர். இரண்டாவது எதற்கு என்றால், பந்து தள்ளப்படும் முன் கோட்டைத் தாண்டிவிட்ட தடுப்பாளர் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் கிடையாது. ஐந்து பேருக்கு எதிரான கோலும் நான்கு பேருக்கு எதிரான கோலும் ஒரே தராசில் நிற்காது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவர் இல்லை. அதில் ஜெர்மனியின் முதல் கோலை பெனால்டி கார்னரில் அடித்தவர் கோன்சாலோ பெயாட். ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து, பிறகு ஜெர்மனிக்காக ஆட வந்த அதே ஃபிளிக்கர். இந்தியா 2-3 என்று தோற்றது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்தப் பந்து உள்ளே போயிருக்காது என்று அன்று இரவு எல்லோரும் பேசினோம். நானும்தான். ஆனால் ஒரு கார்னரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர் இருந்தபோது வந்த கார்னர்கள் எத்தனை, இல்லாதபோது எத்தனை, ஒவ்வொன்றிலும் எதிரே நின்றது பெயாட்டா வேறொருவரா என்று அடுக்கினால்தான் பேச்சுக்கே இடமுண்டு.

அதே ஆட்டத்தில் 36ஆவது நிமிடம் இந்தியாவின் இரண்டாவது கோல். கார்னரில் ஹர்மன்பிரீத் அனுப்பிய பந்தை வழியில் சுக்ஜீத் சிங் தொட்டுத் திருப்ப, அது கோலானது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஃபிளிக்கா, வேரியேஷனா? கோலை நோக்கிப் போன பந்தில் தற்செயலாக ஸ்டிக் பட்டால் அது ஃபிளிக். ஸ்டிக்கை நோக்கியே அனுப்பியிருந்தால் வேரியேஷன். திட்டம் என்ன என்பது வீரர்களுக்குத்தான் தெரியும். வீடியோ பார்ப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பந்து ஸ்டிக்கை விட்டுப் பிரியும் ஃபிரேமில் நிறுத்தி, முன்னால் நிற்பவர் ஏற்கெனவே ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டாரா என்று பார்ப்பது. வைத்திருந்தால் வேரியேஷன். இது சரியான விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிவைத்து, கடைசிவரை மாற்றாமல் பின்பற்ற வேண்டிய விதி. கோல் ஆனதா இல்லையா என்று தெரிந்த பிறகு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த உத்திக்குப் புண்ணியம் சேர்ந்துகொண்டே போகும்.

கேமரா எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் 1.1 மீட்டர் நகர்ந்துவிடும். ரஷரின் காலில் பட்டதா, கம்பத்தருகே நின்றவரின் ஸ்டிக்கில் பட்டதா என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டு படங்களுக்கு நடுவில், படமெடுக்கப்படாத இடத்தில் இருக்கும். பக்கவாட்டுக் கேமராவில் ரஷரும் ஃபிளிக்கரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவது போல் தெரிவார்கள். கோலுக்குப் பின்னால் உயரத்தில் வைத்த கேமராதான் இதற்கு ஏற்றது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, அப்போது பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பந்து எங்கே போனது என்பதைப் பாதி நேரம் வீரர்கள் கையைத் தூக்குவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

எண்ணியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு வாரம் கழித்து, பழைய நோட்டைப் பார்க்காமல் அதே இருபது கார்னர்களை மறுபடி எண்ணுங்கள். இருபதில் நான்கு வேறு கட்டத்தில் விழுந்தால் கோளாறு உங்கள் கண்ணில் இல்லை. நீங்கள் வைத்த கட்டங்களின் விளக்கம் தளர்வாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். எரிச்சலான வேலை.

இவ்வளவு செய்தும் நோட்டில் அகப்படாத ஒன்று இருக்கிறது. முதல் கால்பகுதியில் ஆடிய வேரியேஷன் கோல் ஆகவில்லை, நோட்டில் அது பூஜ்யம். ஆனால் அதற்குப் பிறகு ரஷர் கண்ணை மூடிக்கொண்டு ஃபிளிக்கரை நோக்கி ஓடமாட்டார், பந்து பக்கத்தில் போகுமோ என்று அரை அடி தயங்குவார். கடைசிக் கால்பகுதியில் நேர் ஃபிளிக் உள்ளே போகும். கோல் ஃபிளிக்கின் கணக்கில் ஏறும், அதற்கு வழிவிட்ட வேரியேஷன் தோல்விப் பட்டியலில் இருக்கும். இதைப் பிடிக்க வேண்டுமானால் அந்த ஆட்டத்தில் அதற்கு முன்பு வேரியேஷன் ஆடினார்களா என்று ஒவ்வொரு நேர் ஃபிளிக்குக்கும் எதிரே குறித்துவைக்க வேண்டும். இரண்டு உத்திகளையும் எதிரெதிரே நிறுத்தி எது சிறந்தது என்று கேட்கும் கேள்வியே பாதி தவறு என்பது என் எண்ணம். ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

டோக்கியோவுக்குத் திரும்புவோம். இந்தியா 5-4 என முன்னால். ஆட்டம் முடிய 6.8 விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குக் கடைசி பெனால்டி கார்னர். அதைத் தடுத்து இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கிப் பதக்கம் வாங்கிக் கொடுத்தார் ஸ்ரீஜேஷ். எண்ணுகிறவரின் நோட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான்: கோலை நோக்கி அடி, கீப்பர் தடுத்தார்.